மெஷின் அடியில் நிற்கும் தண்ணீர்: பல வாரம் வெளியூர் போகும் முன் வாஷிங் மெஷினை உலர வைப்பது எப்படி

ஐந்து வாரம் வெளியூரில் இருந்துவிட்டு வீடு திரும்பிய அன்று, பெட்டியைப் பிரித்த கையோடு முதல் வேலையாகத் துணி துவைக்கப் போட்டேன். போகும் முன் குழாயை அடைத்திருந்தேன். மெஷின் கதவையும் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். டிரம் பளிச்சென்று காய்ந்திருந்தது. ஆனால் துவைத்து முடித்து எடுத்த துணியில் சாக்கடை வாடை அடித்தது. மறுபடி சோப்பு போட்டுத் துவைத்தேன், போகவில்லை. மூன்றாவது முறை போட்டபோது தண்ணீரே வெளியேறாமல் மெஷின் பாதியில் நின்றுவிட்டது.

வந்து பார்த்த மெக்கானிக் அண்ணன் மேலே எதையும் தொடவில்லை. முன்பக்கம் கீழ் மூலையில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, ஒரு தட்டத்தை அடியில் வைத்து, உள்ளே இருந்த திருகியை மெல்லத் தளர்த்தினார். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று தண்ணீர் வந்தது. அழுகிய முட்டை வாடை அறை முழுக்கப் பரவியது. "மேலே எல்லாம் நல்லாத்தான் காய வச்சிருக்கீங்க. கீழே இருக்கிற தண்ணியை யாரு எடுக்கிறது?" என்றார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரண்ட் லோடு மெஷினை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்கள் அதிகம். மேலே மூடி உள்ள டாப் லோடு வைத்திருப்பவர்களுக்கு எது மாறும் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

தண்ணீர் எங்கே மிஞ்சுகிறது

மெஷின் துவைத்து முடித்துப் பிழிந்து நின்றதும் உள்ளே தண்ணீர் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் மெஷினின் அடியில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் டிரெயின் பைப் பின்பக்கமாக மேலே ஏறி, இடுப்புயரத்துக்குப் போய், பிறகுதான் கழிவுக் குழாயில் இறங்குகிறது. பம்ப் ஓடும்வரை தண்ணீர் மேலே ஏறும். நின்ற நொடியில், ஏறும் பகுதியில் இருந்த தண்ணீர் திரும்பவும் கீழே பம்புக்கே வந்துவிடும். பைப்பின் உள் அகலம் 2 செ.மீ., ஏறும் உயரம் ஒரு மீட்டர் என்று வைத்தால், அதில் மட்டும் ஏறக்குறைய 300 மி.லி. தண்ணீர் நிற்கும். பம்பைச் சுற்றியுள்ள குழியில் நிற்பதும் சேர்ந்தால் ஒரு லிட்டரைத் தாண்டலாம்.

தினமும் துவைக்கும் வீட்டில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. அடுத்த துவைப்பில் அந்தத் தண்ணீர் மாறிவிடும். வாரக்கணக்கில் மாறாமல் நின்றால்தான் சிக்கல். அதில் சோப்பு மிச்சமும், துணி நூலும், உடம்பிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கும் கலந்திருக்கிறது. கிருமிகள் அதைத் தின்று பெருகும்போது தண்ணீரில் கரைந்துள்ள காற்று தீர்ந்துபோகிறது. அதன் பிறகு வளர்பவை காற்றில்லாமல் வாழும் வகை. முட்டை அழுகிய வாடை அவற்றிடமிருந்து வருவதுதான்.

கதவைத் திறந்து வைப்பது இதற்கு உதவாது. திறந்த கதவு வழியாகக் காயக்கூடியவை டிரம்மும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமும் மட்டுமே. அடியில் நிற்பதை நாம்தான் கையால் எடுக்க வேண்டும். என்னுடைய கணக்கு இதுதான்: ஒரு வாரப் பயணம் என்றால் குழாயை அடைத்துக் கதவைத் திறந்து வைத்தால் போதும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் அடித் தண்ணீரையும் எடுத்துவிட வேண்டும்.

எப்போது தொடங்குவது

பயணத்தன்று காலையில் அவசரமாக ஒரு ஈடு துணியைத் துவைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் பலர். ஈரமான ரப்பரில் பூஞ்சை பிடிக்க ஒன்றிரண்டு நாளே போதும். அதனால் மெஷின் காய்வதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். சனிக்கிழமை காலை கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். கடைசி ஈடு துணியை வியாழன் மாலையே துவைத்து எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் மெஷினுக்கு. கையால் செய்யும் வேலை மொத்தமே அரை மணி நேரம்தான், மீதி நேரம் அது தானாகக் காயும்.

வெள்ளி காலையில் முதல் வேலை, துணி எதுவும் இல்லாமல் வெந்நீரில் ஒரு சுற்று ஓட்டுவது. டிரம்மைச் சுத்தம் செய்யத் தனி ஓட்டம் மெஷினில் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் காட்டன் ஓட்டத்தில் 60 டிகிரியோ அதற்கு மேலோ வையுங்கள். வழக்கமாகப் போடும் அளவில் பாதி சோப்புத் தூள் போதும். குளிர்ந்த தண்ணீரிலேயே எப்போதும் துவைத்து, திரவ சோப்பும் கம்ஃபர்ட் போன்ற மென்மையூட்டியும் ஊற்றி வருகிறவர்கள் வீட்டு மெஷினில், டிரம்முக்கு வெளியே நம் கண்ணுக்குத் தெரியாத தொட்டியின் சுவரில் வழுவழுப்பான படலம் ஒன்று படிந்திருக்கும். மூடிய வீட்டில் வாரக்கணக்கில் வாடை ஊறுவது அதிலிருந்துதான். வெந்நீர் ஓட்டம் அதில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும்.

பிளீச் ஊற்றலாமா என்று கேட்பார்கள். மெஷினுடன் வந்த புத்தகத்தில் அனுமதித்திருந்தால் ஊற்றலாம். ஆனால் பிறகு ஒருமுறை வெறும் தண்ணீரில் கட்டாயம் அலச வேண்டும். குளோரின் பிளீச் மிச்சம் எவர்சில்வர் டிரம்மில் வாரக்கணக்கில் தங்கினால் உலோகத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைத் தாக்கும்.

குழாயை அடைப்பது

வெந்நீர் ஓட்டம் முடிந்ததும், பிளக்கைப் பிடுங்கும் முன், மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயை அடையுங்கள்.

மெஷின் அணைந்திருந்தாலும், குழாய்க்கும் மெஷினுக்கும் நடுவில் உள்ள இன்லெட் பைப் இரவு பகலாக அழுத்தத்திலேயே இருக்கிறது. தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வால்வு பைப்பின் மறுமுனையில், மெஷினுக்குள் இருப்பதால் அப்படி. ரப்பர் பைப் பழசாகி இறுகும்போது, அதன் இரு முனையிலும் உலோக வளையம் கவ்வியிருக்கும் இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். வீட்டில் ஆள் இருந்தால் பத்து நிமிடத்தில் கவனித்துவிடலாம். ஆள் இல்லாத வீட்டில் யாராவது வந்து அடைக்கும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கீழ்த்தளத்தில் இருப்பவர் தன் கூரை ஒழுகுவதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

குழாயை அடைத்த பிறகு, அது உண்மையில் அடைபட்டதா என்று சோதித்துவிடுங்கள். அலசும் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். வால்வு திறக்கும் மெல்லிய 'ம்ம்' சத்தம் கேட்கும். பைப்பில் அழுத்தத்தோடு நின்ற தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போய், சத்தம் அடங்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் கழித்தும் சோப்பு அறைக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் குழாய் சரியாக அடைபடவில்லை, அதன் வாஷர் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் வீட்டுக்கே தண்ணீர் வரும் பொது வால்வை அடைத்துவிட்டுப் போவது நல்லது. இந்தச் சோதனையை நீளவிட்டால் தண்ணீர் வரவில்லை என்று திரையில் பிழைக் குறி வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஓட்டத்தை ரத்து செய்துவிட்டு, தண்ணீரை வெளியேற்றும் ஓட்டத்தை மட்டும் ஒருமுறை போட்டு முடியுங்கள்.

அப்படியே இன்லெட் பைப்பை முழுநீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது குமிழ் போல உப்பியிருந்தாலோ, முனையில் துரு கசிந்த கோடு தெரிந்தாலோ, பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஐந்து வருடம் ஆகிவிட்ட ரப்பர் பைப்பை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன்.

அடித் தண்ணீரை எடுப்பது

கதவுப் பூட்டு 'டக்' என்று விடுபட ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பிளக்கைப் பிடுங்கினால் கதவு பூட்டியபடியே நின்றுவிடக்கூடும். பூட்டு விட்ட பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். வெந்நீர் ஓட்டம் முடிந்த உடனே ஃபில்டரைத் திறக்காதீர்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் கையைச் சுடலாம். இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள்.

முன்பக்கம் கீழே, பெரும்பாலும் வலது மூலையில், உள்ளங்கை அளவில் ஒரு சதுர மூடி இருக்கும். நாணயத்தையோ தட்டை ஸ்க்ரூ டிரைவரையோ நுழைத்து நெம்பினால் திறக்கும். சில மாடல்களில் அந்த இடத்துக்கு ஒரு நீளப் பலகையையே கழற்ற வேண்டியிருக்கும். உள்ளே வட்டமான திருகி ஒன்று தெரியும், அதுதான் ஃபில்டர். பல மெஷின்களில் பக்கத்திலேயே விரல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாய் மடிந்து கிடக்கும், நுனியில் அடைப்பான் இருக்கும்.

தரையில் ஒரு பழைய துண்டை விரியுங்கள். வாளி அந்த உயரத்துக்கு நுழையாது, அகலமான தட்டம்தான் வேண்டும். கறுப்புக் குழாய் இருந்தால் அதை வெளியே இழுத்துத் தட்டத்துக்குள் தாழ்த்தி, அடைப்பானைப் பிடுங்குங்கள். தட்டம் நிறையும் முன் அடைத்து, கொட்டிவிட்டு, மறுபடி பிடியுங்கள். குழாய் இல்லாத மெஷினில் ஃபில்டரையே கால் சுற்று மட்டும் இடப்பக்கமாகத் திருப்பி, நூலாகத் தண்ணீர் வரும்போது நிறுத்துங்கள். தட்டம் நிறைந்ததும் இறுக்கி, கொட்டிவிட்டுத் தொடருங்கள். ஒரே மூச்சில் கழற்றினால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் மொத்தமாகத் தரையில் பாயும். நான் முதல் முறை அப்படித்தான் செய்து, சுவரோரம் இருந்த மர அலமாரியின் கால் ஊறிப்போனது.

தண்ணீர் நின்றதும் ஃபில்டரை முழுதாகக் கழற்றி வெளியே இழுங்கள். நூலும் முடியும் சுருண்டு ஒரு சிறு எலிக்குஞ்சு போலத் தொங்கும். நாணயம், ஊக்கு, சட்டைப் பட்டன் எல்லாம் அகப்படும். குழாயடியில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே கடைசியில் சின்ன விசிறி தெரியும். அதில் முடி சுற்றியிருந்தால் எடுத்துவிட்டு, விரலால் விசிறியைத் திருப்பிப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு சுற்றாது, தடக் தடக் என்று தடைபட்டுத்தான் திரும்பும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அது கோளாறு இல்லை. சோப்புக் கசடு படிந்த விசிறி வாரக்கணக்கில் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். என் மெஷின் மூன்றாவது ஓட்டத்தில் நின்றதற்குக் காரணம், முதல் இரண்டு துவைப்பில் இளகி வந்த கசடு விசிறியில் சிக்கிக்கொண்டதுதான்.

ஃபில்டரைத் திரும்பப் போடும்போது மரையில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். கோணலாக ஏறினால் பாதியிலேயே இறுகியது போலத் தோன்றும். திரும்பி வந்து முதல் துவைப்பில் தண்ணீர் முழுக்க முன்பக்கம் வழியாகக் கொட்டும். ஃபில்டரின் பிடி கழற்றும் முன் எந்தக் கோணத்தில் இருந்தது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், திரும்ப இறுக்கும்போது அந்தக் கோணத்துக்கு வந்ததா என்று ஒப்பிடலாம். அடைப்பானை மறக்காமல் பொருத்துங்கள்.

ரப்பர் வளையமும் சோப்பு அறையும்

கதவைச் சுற்றியுள்ள சாம்பல் நிற ரப்பரின் கீழ் மடிப்பை இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர், முடி, சில சமயம் தொலைந்துபோன ஒற்றைக் காலுறை கூட அங்கே கிடக்கும். ஈரத் துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை, மடிப்புக்குள் விரலை விட்டு முழு வட்டத்துக்கும் துடையுங்கள். கதவுக் கண்ணாடியின் உட்பக்கமும் அப்படியே. சோப்பு அறையை முழுதாக வெளியே இழுக்க, நடுவில் உள்ள சிறு நாக்கை அழுத்த வேண்டும். கழுவி, திரும்பப் போடாமல் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்தக் குகையின் கூரையில் தண்ணீர் சொட்டும் துளைகள் இருக்கின்றன, அங்கேயும் கறுப்புப் புள்ளி பிடிக்கும். அது காற்றாடக் கிடப்பது நல்லது.

கதவை எவ்வளவு திறப்பது

நான்கைந்து விரல் இடைவெளி போதும். அகலத் திறந்தால் கெடுதல் இல்லை, ஆனால் நடமாட்டம் உள்ள இடத்தில் யாராவது இடித்தால் கீல் வளையும். கதவு தானாகச் சாய்ந்து மூடிக்கொள்ளும் மெஷின் என்றால், காய்ந்த துண்டை நான்காக மடித்துக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டுங்கள். ரப்பரை நசுக்கும்படி வைக்காதீர்கள்.

நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களுடன் குழந்தை வருமென்றாலோ, பூனை நாய் இருந்தாலோ, திறந்த டிரம் ஆபத்து. உள்ளே ஏறிய குழந்தையால் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. அந்த அறையையே பூட்டிவிடுங்கள். பூட்ட முடியாத இடமென்றால், வெள்ளி முழுவதும் கதவைத் திறந்து வைத்து நன்றாக உலர்த்திவிட்டு, கிளம்பும்போது மூடிவிட்டுப் போங்கள். நன்றாகக் காய்ந்த மெஷினை மூடி வைத்தாலும் பெரிய கேடு வராது. ஈரத்தோடு மூடுவதுதான் கேடு.

மெஷினின் தண்ணீர் தரை வடிகாலில் விழுகிறது என்றால், கிளம்பும்போது அந்த வடிகாலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கிறது. எண்ணெய் மேலே மூடியிருந்தால் அது சீக்கிரம் ஆவியாகாது.

டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக், பனி விழும் ஊர்

டாப் லோடு மெஷினில் ரப்பர் வளையத் தொல்லை இல்லை, மூடியை முழுதாகத் திறந்து வைத்தால் போதும். உள்ளே நூல் சேரும் வலைப்பையைக் கழற்றிக் கழுவி வெளியே காய வையுங்கள். டிரெயின் பைப் தரையோடு போகும் வகையில் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். பைப் மேலேறும் வகை என்றால், அதைக் கழற்றித் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி மிச்சத்தை வடித்துவிடுங்கள். இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக்கில் வடிகால் குமிழை 'டிரெயின்' நிலையிலேயே விட்டுவிட்டு, இரண்டு மூடியையும் திறந்து வையுங்கள்.

வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் இடத்தில் அடித் தண்ணீரை எடுப்பது கட்டாயம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், பம்பின் பிளாஸ்டிக் உடலும் வால்வும் வெடித்துவிடும். அங்கே இன்லெட் பைப்பையும் குழாய்ப் பக்கம் கழற்றி, வாளிக்குள் தாழ்த்தி வடிக்க வேண்டும்.

திரும்பி வந்ததும்

துணியைப் போடும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஃபில்டர் இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வீட்டின் வேறு குழாய் ஒன்றைத் திறந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓட விடுங்கள். தேங்கி நின்ற குழாயிலிருந்து வரும் துருவும் மண்ணும் மெஷின் வாயில் உள்ள சல்லடையை அடைத்துவிடும். பிறகு மெஷின் குழாயை மெதுவாகத் திறங்கள். திடீரென்று திறந்தால் பழைய பைப் அதிர்ந்து இழுபடும். இரு முனை இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றி, ஐந்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் கையால் கொஞ்சம் இறுக்குங்கள், அப்போதும் நிற்கவில்லை என்றால் முனையில் உள்ள வாஷரை மாற்ற வேண்டும்.

சோப்பு அறையை மாட்டி, துணியில்லாமல் ஒருமுறை அலசும் ஓட்டம் போடுங்கள். தண்ணீர் வெளியேறும் நேரத்தில் மெஷினருகில் நின்று கவனியுங்கள். பம்ப் சத்தத்தோடு கழிவுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்க வேண்டும். 'உம்ம்' என்று ஒரே உறுமல் மட்டும் கேட்டுத் தண்ணீர் போகவில்லை என்றால் விசிறி ஒட்டியிருக்கிறது. மெஷினை அணைத்துப் பிளக்கைக் கழற்றி, முன்பு போலத் தட்டம் வைத்துத் தண்ணீரை வடித்து, விசிறியை விரலால் இரண்டு சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாடை அடித்தால் முதலில் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியுங்கள். டிரம்முக்குள் முகத்தை வைத்து முகருங்கள், பிறகு டிரெயின் பைப் நுழையும் கழிவுக் குழாய் வாயில் முகருங்கள். வாடை கழிவுக் குழாயில் இருந்தால் மெஷினைக் குற்றம் சொல்ல வேண்டாம், வளைவில் நின்ற தண்ணீர் வற்றியிருக்கும், அலசும் ஓட்டத்திலிருந்து போகும் தண்ணீரே அதை நிரப்பிவிடும். வாடை டிரம்மில் இருந்தால் 60 டிகிரியில் இன்னொரு வெறும் ஓட்டம் போட்டுவிட்டு, அதன் பிறகு துணியைப் போடுங்கள்.